கதவைத் திறந்தால் நின்றுவிடும் சத்தம்

லிஃப்ட்காரருக்கென்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே பெருமை அவருடைய ஞாபகசக்திதான். கடைசியில் அதற்கே வேட்டு வைக்கப் பார்த்தது சமையலறை மூலையில் நின்ற ஒரு ஃப்ரிட்ஜ்.

பதினோரு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர் அவர். பொத்தானை அமுக்க ஓர் ஆளா, அதற்கு ஒரு சம்பளமா என்று கேட்காதவர்கள் கிடையாது. கேட்கட்டும். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஏழாம் மாடி வக்கீல் வாயைத் திறப்பதற்குள் ஏழு எரிந்துகொண்டிருக்கும். நாலாம் மாடிக் கணக்கரும் ஐந்தாம் மாடித் தட்டச்சுக்காரியும் பேச்சுவார்த்தை இல்லாமலிருந்த எட்டு மாதமும், இரண்டு பேரையும் ஒரே நடையில் ஏற்றாமல் சமாளித்தவர் இவர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூட மூன்றாம் நாளிலிருந்து மாடி எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆனபிறகும், கடைத்தெருவில் பழைய ஆள் யாரையாவது பார்த்தால் பெயர் வராதே தவிர மாடி வந்துவிடும். "வாங்க ஒன்பது, சௌக்கியமா?" என்பார். ஒன்பதும் சிரித்துக்கொண்டே வந்து கையைப் பிடிக்கும்.

மனைவி போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவளுக்குக் கடைசி நாலு வருஷம் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. முதலில் சர்க்கரை டப்பாவில் உப்பு. அப்புறம் வீட்டு விலாசம். அப்புறம் மகள் பெயர். கடைசியில் ஒருநாள், "நீங்க யாரைப் பார்க்கணும்?" என்று இவரையே கேட்டாள். அந்த நாலு வருஷமும் குளிப்பாட்டியது, ஊட்டிவிட்டது, வாசற்கதவில் பூட்டுப் போட்டுக் காவல் இருந்தது எல்லாம் இவர் ஒருவரே. மகள் வாரம் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போகிற பேருந்தில் அழுதுகொண்டே போவாள்.

அதனால்தான் சொல்கிறேன், மகளைக் குறை சொல்ல முடியாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அப்பா கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடினால்கூட அவள் செய்கிற வேலையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள்.

விஷயம் பால் திரிந்ததில் ஆரம்பித்தது. ஒரு நாள் திரிந்தால் பால்காரனைத் திட்டலாம். மூன்று நாள் திரிந்தால் யாரைத் திட்டுவது? வெண்ணெய் கிண்ணத்தில் எண்ணெயாக நின்றது. தக்காளி தோல் சுருங்கி நீர் விட்டது. ஆனால் மேலே உறைபெட்டியைத் திறந்தால் பனிக்கட்டி தட்டில் கல்லாக இருக்கிறது, உறைந்த பட்டாணி மேசையில் போட்டால் சில்லறை மாதிரி சிதறுகிறது. ஒரே பெட்டி, ஒரே மின்சாரம். மேலே மார்கழி, கீழே சித்திரை. இது என்ன கூத்து என்று அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குளிரைக் கூட்டும் திருகைக் கடைசி வரைக்கும் திருகிப் பார்த்தார். மேலே இன்னும் கொஞ்சம் இறுகியது, கீழே ஒரு மாற்றமும் இல்லை.

கூடவே அந்தச் சத்தம். உறைபெட்டிக்குப் பின்னாலிருந்து 'ங்ர்ர்ர்' என்று ஒரு சுழற்சி. சில சமயம் கம்மியாக, சில சமயம் கூடத்தில் இருக்கும் வானொலியை அமுக்கிவிடும் அளவுக்கு. என்னவென்று பார்க்கப் போய்க் கதவைத் திறப்பார். திறந்த மறுநொடி கப்சிப். மூடிவிட்டு நின்று பார்ப்பார். ஒன்றும் கேட்காது. சரி, போய்விட்டது என்று நாற்காலிக்குத் திரும்பி அரைமணி நேரம் கழித்து மறுபடியும் 'ங்ர்ர்ர்.' திருடன் போலீஸ் விளையாடுகிறதா சனியன் என்று அவருக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். கீழ்க் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா, என்ன இது? எல்லாம் கெட்டுப் போயிருக்கு. கதவை ஒழுங்கா மூடுறதில்லையா?"

"மூடுறேனே, பாப்பா. கதவை மூடத் தெரியாதா எனக்கு?" முப்பத்தைந்து வயதில் ஒரு மருந்துக்கடையை நடத்துகிறவளை அவர் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"அப்போ மேல மட்டும் எப்படி ஐஸ் இருக்கு? கெட்டுப்போன ஃப்ரிட்ஜுல ஐஸ் உறையுமா? கீழ்க் கதவை மட்டும் மறந்துடறீங்க."

"அதுல ஒரு சத்தம் வருது. உள்ள ஏதோ சுத்துது. இரு, காட்டுறேன்." அவர் உறைபெட்டிக் கதவை அகலத் திறந்து, "கேளு" என்றார்.

இருவரும் நின்று கேட்டார்கள். பனிப்புகை மெல்ல வெளியே வந்து கலைந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"இப்போ நின்னுடுச்சு" என்றார்.

மகள் அவரைப் பார்த்தாளே ஒரு பார்வை, அந்தப் பார்வையை அவருக்கு நன்றாகத் தெரியும். மனைவி ஏதாவது தாறுமாறாகப் பேசும்போது அவள் தலைக்கு மேலாக அப்பாவும் மகளும் பரிமாறிக்கொண்ட பார்வை அது. அப்போது இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது அவள் ஒருத்திதான் பார்க்கிறாள், அவர் எதிர்ப்பக்கம் நிற்கிறார்.

போகும்போது ஒரு காகிதத்தில் 'கதவை மூடவும்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனாள். வாழ்நாளெல்லாம் ஊரார் விரல் நசுங்காமல் கதவு மூடிச் சம்பாதித்த மனுஷனுக்கு ஓர் அறிவிப்புப் பலகை. அவர் அதைக் கிழிக்கவில்லை. ஒருவேளை நிஜமாகவே மூடவில்லையோ என்ற சந்தேகம் அதற்குள் அவருக்கே வந்துவிட்டது.

மகளே ஏற்பாடு செய்து மெக்கானிக் வந்தார். அன்றைக்கு அவருக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. பின்பக்கம் கை வைத்துப் பார்த்தார்.

"கம்ப்ரஸர் ஓடுது. மேல ஐஸ் இருக்கு. அப்போ கேஸ் சரியாத்தான் இருக்கு, ஐயா."

"சத்தம் வருதே, தம்பி."

மெக்கானிக் உறைபெட்டியைத் திறந்து காதை உள்ளே விடாத குறையாகக் கேட்டார். "ஒண்ணும் வரலையே."

"கதவைத் திறந்தா நின்னுடுது."

"ஓ" என்றார் மெக்கானிக். குழந்தை ஏதோ சொன்னால் சொல்கிற 'ஓ'. கீழ்ப்பகுதியில் குளிர்காற்று வரும் துளைக்கு முன்னாலிருந்த பாத்திரத்தைத் தள்ளி வைத்தார். கதவைச் சுற்றியிருந்த ரப்பரைத் தடவிப் பார்த்து, "ரப்பர் நல்லாயிருக்கு. அடிக்கடி திறக்காதீங்க, திறந்தா ஞாபகமா மூடுங்க" என்றார். படிக்கட்டில் இறங்கும்போது அவர் போனில் பேசியது மேலே நன்றாகவே கேட்டது. "மேடம், மிஷின்ல ஒண்ணுமில்ல. பெரியவர்தான் மறந்து விட்டுடறார் போல."

மறுநாள் சத்தம் கேட்டபோது லிஃப்ட்காரர் எதிர்வீட்டு டீச்சரைச் சாட்சிக்குக் கூப்பிட ஓடினார். அந்த அம்மாள் கையில் சிவப்புப் பேனாவோடு வந்தாள். அவர் முன்னால் போய், 'இதோ பாருங்க' என்று கதவைத் திறந்தார். அவ்வளவுதான். மூடினார். இருவரும் பத்து நிமிஷம் நின்றார்கள். ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் பேனாவை மூடித் திறந்து மூடினாள்.

"அண்ணா, எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் காதுல ஒரு இரைச்சல் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிடுங்க" என்றாள், ரொம்ப மரியாதையாக.

அன்றிலிருந்து அவர் ஒரு நோட்டு போட்டார். காலை ஏழு பத்து, கீழ்க் கதவு திறந்தேன், பால் எடுத்தேன், மூடினேன், இழுத்துப் பார்த்தேன். எட்டு நாற்பது, மறுபடி. மூடினேன் என்ற வார்த்தையின் கீழ் இரண்டு கோடு. நோட்டின்படி அவர் ஒருமுறைகூட மறக்கவில்லை. ஆனாலும் பால் திரிந்தது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? மூடாமலேயே மூடினேன் என்று எழுதுகிறேனா? மனைவி அப்படித்தான், சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்பாள், சத்தியம் பண்ணுவாள். அவளுக்கு அது பொய் இல்லை. தனக்கும் இப்போது அப்படியா? நோட்டைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் முற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தார். பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மனைவி செத்தபோதுகூட அவ்வளவு பயம் இல்லை.

மகள் அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்து நிதானமாகப் பேசினாள்.

"அப்பா, எங்க வீட்டுல பின்னாடி ரூம் காலியாத்தான் இருக்கு. வர்ற சனிக்கிழமை வண்டி சொல்லியிருக்கேன். இந்த வீட்டைக் கொடுத்துடலாம்."

"எதுக்கு?"

"நேத்து பால். நாளைக்கு அடுப்பு. நான் கடையில உட்கார்ந்துக்கிட்டு என்னத்த செய்ய முடியும்?"

அவருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. இந்த வீட்டு ஜன்னலில் நின்றால் அந்தப் பதினோரு மாடி தெரியும். இந்தத் தெருவில் அவரை எல்லோருக்கும் தெரியும். மகள் வீடு நல்ல வீடுதான். ஆனால் அங்கே போகிற அன்றைக்கு, ஞாபகம் போன கிழவர் என்று முத்திரை குத்தித்தான் உள்ளே ஏற்றுவார்கள். அப்புறம் அவர் என்ன சொன்னாலும் அந்த முத்திரைதான் பேசும். ஆனால் எதை வைத்து மறுப்பது? மறுக்க வேண்டுமென்றால் தன்மேல் தனக்கு நம்பிக்கை இருக்க வேண்டும்.

"சரி, பாப்பா" என்றார்.

வியாழக்கிழமை பத்துமணி வாக்கில் சமையலறையில் நின்று பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சத்தம் வந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கத்து, நல்லாக் கத்து, இன்னும் ரெண்டு நாள்தான் என்றார் அதனிடம். அப்புறம் கைத்துணியை எடுக்கத் திரும்பியவர், ஏதோ நினைப்பில் உறைபெட்டிக் கதவை இலேசாக இழுத்தார். ரப்பர் விட்டது. ஒரு விரல் இடைவெளி வந்தது. சத்தம் நிற்கவில்லை.

அவர் அப்படியே நின்றார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். இரண்டு விரல் அகலத்துக்கு வந்ததும் 'டக்' என்று எங்கோ ஒரு சின்ன ஒலி, சத்தம் சரிந்து நின்றது. மூடினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிறகு முனகிக்கொண்டே மறுபடி பிடித்தது. மறுபடி இழுத்தார். அதே இரண்டு விரல். அதே 'டக்'.

அட மடையா, என்று தன்னையே திட்டிக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன வார்த்தை அது. "கதவு சரியா மூடலேன்னா நகராது, உள்ள தள்ளி நில்லுங்க." லிஃப்ட் கதவில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு, கதவு முழுசாகச் சேர்ந்து அதை அமுக்கினால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்தான் இத்தனை நாளாக ஒவ்வொருவரையும் கூட்டி வந்து, கதவைத் திறந்து போட்டுவிட்டு, கேளுங்க கேளுங்க என்று நின்றிருக்கிறார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதவுச் சட்டத்தைத் தடவினார். மேல் ஓரத்தில், விரல்நுனி அளவுக்கு ஒரு வெள்ளைப் பொத்தான். இத்தனை வருஷமும் அவர் கண்ணில் படாத பொத்தான். கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு கட்டைவிரலால் அதை அமுக்கினார். ஒன்றும் இல்லை. விடாமல் அமுக்கிக்கொண்டே நின்றார். உள்ளே பின்சுவருக்கு அப்பால் ஏதோ இரண்டு முறை முக்கியது, திக்கியது, பிறகு 'ங்ர்ர்ர்' என்று முகத்துக்கு நேராகவே கத்தியது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குளிர்காற்றா, சந்தோஷமா என்றெல்லாம் அப்போது யோசிக்கவில்லை.

ஒரு கை பொத்தானில் இருக்க, மறுகையால் மகளுக்குப் போன் போட்டு, போனை உறைபெட்டிக்குள்ளேயே நீட்டினார்.

"அப்பா? அப்பா, என்ன சத்தம் அது? மிக்ஸி போட்டிருக்கீங்களா?"

"மிக்ஸி இல்ல. ஃப்ரிட்ஜ்தான். நான் கதவைத் திறந்துதான் வச்சிருக்கேன். பொத்தானை அமுக்கிக்கிட்டு இருக்கேன்."

"பொத்தானா? ஃப்ரிட்ஜுல ஏதுப்பா பொத்தான்?"

"நீ அந்தத் தம்பியைக் கூட்டிக்கிட்டு வா. வண்டி சனிக்கிழமைதானே? நாளைக்கு வா."

வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். மகள் முகத்தில் கவலைதான் இருந்தது. அப்பாவுக்கு முற்றிவிட்டது, இல்லாத பொத்தானை அமுக்குகிறார் என்று பயந்துகொண்டே வந்திருந்தாள். லிஃப்ட்காரர் நேராக ஃப்ரிட்ஜிடம் போனார். கதவைத் திறந்தார், கட்டைவிரலை வைத்தார். மூன்று பேரும் கேட்டார்கள்.

மெக்கானிக் பையைக் கீழே வைத்தார். "ஐயா, கையை எடுங்க" என்றார், இந்தத் தடவை வேறு குரலில். பிளக்கைப் பிடுங்கினார். உறைபெட்டியில் இருந்ததையெல்லாம் எடுத்து வெளியே வைத்து, பின்சுவர்ப் பலகையின் திருகாணிகளைக் கழற்றி இழுத்தார். பின்னால் மெல்லிய வெண்பனி படிந்த குழாய்களும் தகடுகளும். அதற்கு மேலே ஒரு சின்ன விசிறி.

"பாருங்க மேடம், குளிர் உண்டாகிறது இந்தத் தகட்டுலதான். கீழ் அறைக்குன்னு தனியா ஒண்ணும் கிடையாது. இந்த விசிறிதான் இங்கேர்ந்து காத்தை அடிச்சுக் கீழே அனுப்பணும். பனி சமமாத்தான் படிஞ்சிருக்கு, கட்டி கட்டியா அடைக்கல. அப்போ பனி கரைக்கிற வேலை சரியா நடக்குது. கோளாறு இதுதான்." விரலால் விசிறியைச் சுற்றினார். நல்ல விசிறி தட்டினால் கொஞ்ச நேரம் தானாகச் சுழல வேண்டும். இது அரைச்சுற்று போய் இறுகி நின்றது. மறுபடி பிளக்கைச் செருகி, பொத்தானை அமுக்கிக்கொண்டு மோட்டாருக்கு வரும் வயரில் மீட்டரை வைத்தார். "மின்சாரம் ஒழுங்கா வருது. வாங்கிக்கிட்டுச் சரியாச் சுத்த மாட்டேங்குது. தகட்டை ஒட்டி இருக்கிறதால மேல் அறை எப்படியோ குளிர்ந்துடுது. கீழ காத்தே போகல."

"ஏன் அன்னைக்கு நீங்க பார்க்கல?" என்று மகள் கேட்டாள்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "தப்புதான் மேடம். ஸ்விட்சை அமுக்கிப் பார்த்திருக்கணும், அதுதான் முறை. நீங்க முன்னாடியே போன்ல சொல்லியிருந்தீங்க, அப்பாவுக்குக் கொஞ்சம் மறதின்னு. கதவைத் திறந்தா நிக்குதுன்னு ஐயா சரியாத்தான் சொன்னாரு. நான்தான் காதுல வாங்கல."

மகள் தரையைப் பார்த்தாள். லிஃப்ட்காரர் பட்டாணிப் பொட்டலத்தை எடுத்துக் கழுவும் தொட்டியில் வைத்தார். ஜெயித்த மனுஷன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தலாம்தான். மகள் முகம் அப்படி இருக்கையில் அவருக்கு மனசு வரவில்லை.

மறுபடி பிளக்கை எடுத்துவிட்டு, பழைய மோட்டாரைக் கழற்றினார் மெக்கானிக். இறக்கையைப் பிடுங்கிப் புது மோட்டாரின் தண்டில் மாட்டினார். வயரைச் செருகினார், சுற்றிப் பார்த்தார், பலகையை மூடினார். பிளக்கைப் போட்டுப் பொத்தானை அமுக்கியபோது, காது கொடுத்தால்தான் கேட்கும் ஒரு மெல்லிய காற்றொலி. அவ்வளவுதான். கீழ் அறையின் துளையில் கையை வைத்த மகளுக்குச் சில்லென்று காற்றடித்தது.

"நாலஞ்சு மணி நேரம் அடிக்கடி திறக்காதீங்க. கீழ மெதுவாத்தான் இறங்கும்" என்றார் மெக்கானிக். பழைய மோட்டாரைப் பையில் போடப் போனவர், நிறுத்தி, அதன் தண்டைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடும் பல் மாதிரி ஆடியது. விசிறியைச் சுற்றியிருந்து, மோட்டாரோடு கழற்றி மாற்றிய பிளாஸ்டிக் கூட்டையும் காட்டினார். இறக்கை உரசி உரசி அதில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. "இவ்வளவு தேய்மானம் ஒரு மாசத்துல வராது, ஐயா. ரெண்டு வருஷத்துக்குக் குறையாது, மூணுகூட இருக்கும். இப்போதான் பெருசாக் கத்தியிருக்கு. அதுக்கு முன்னாடியே விட்டு விட்டு லேசா முனகிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். யாரும் கவனிச்சிருக்க மாட்டீங்க."

மெக்கானிக் போனபிறகு மகள் வண்டிக்காரருக்குப் போன் போட்டு, சனிக்கிழமை வர வேண்டாம் என்றாள். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதத்தை உரித்தாள். அது பாதிதான் வந்தது, மீதியை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "என்னை மன்னிச்சிடுங்கப்பா. அம்மா மாதிரி ஆயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்" என்றாள். அழுதாள்.

அவர் ஃப்ரிட்ஜுக்கு எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, மெக்கானிக் விட்டுப்போன அந்தப் பள்ளம் விழுந்த கூட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா? கோவமா?"

"உங்கம்மா சொன்னா, பாப்பா."

"என்ன சொன்னாங்க?"

"உள்ள யாரோ முனகுறாங்கன்னு சொன்னா. மாட்டிக்கிட்டாங்க, திறந்து விடுங்கன்னு சொல்லுவா. இந்த நாற்காலியிலதான் எந்நேரமும் உட்கார்ந்திருப்பா. கடைசி வருஷம். நான் கூடத்துலேர்ந்து எழுந்து வந்து கதவைத் திறந்து காட்டுவேன். பாரு, யாருமில்ல, சத்தமும் இல்லன்னு. அவ உள்ள எட்டிப் பார்ப்பா. போயிட்டாங்களான்னு கேட்பா." கூட்டின் பள்ளத்தை விரலால் தடவினார். "ஒருநாள் திட்டிட்டேன். ஒரே நாள்ல அஞ்சாவது தடவை கூப்பிட்டா, திட்டிட்டேன். அப்புறம் அவ கூப்பிடவே இல்ல."

மகள் அவர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "அப்பா, அம்மாவுக்கு நிஜமாவே ஞாபகம் போயிருந்துச்சு. நம்ம பேரே தெரியல."

"போயிருந்துச்சு. இல்லேங்கல. ஆனா இது அவ சரியாச் சொன்னா. அவதான் முதல்ல கண்டுபிடிச்சா." கூட்டை மேசைமேல் வைத்தார். "வேற என்னென்ன சொன்னா? உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு இப்போ எது நிஜம், எது இல்லன்னு புரியல."

மகள் யோசித்தாள். "குழாய்த் தண்ணியில இரும்பு வாசனை அடிக்குதுன்னு சொன்னாங்க. மாடிப்படியில மூணாவது படி ஆடுதுன்னு சொன்னாங்க."

"அது ஆடல. நான் மிதிச்சுப் பார்த்தேன்." சொல்லிவிட்டு, அவர் தன்னையே நம்பாமல் வாசல் பக்கம் பார்த்தார். "வேற?"

மகள் விரலில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்கை உருட்டினாள்.

"நீங்க தூக்கத்துல அழறீங்கன்னு சொன்னாங்க. தினமும் அழறார், யாராவது போய்ப் பாருங்கன்னு என்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான் சரிம்மா சரிம்மான்னுட்டு விட்டுட்டேன்."

ஃப்ரிட்ஜ் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அது ஓடுவதே தெரியவில்லை.

"அழுதேனா?" என்று கேட்டார்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு இருந்தவள் மனைவி ஒருத்திதான்.